தீட்டு நின்ற பிறகும் கருப்பையை வளர்ப்பது எது?

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது, உயரம் 152 செ.மீ., எடை 86 கிலோ. சுகர் 12 வருடமாக இருக்கிறது. பீரியட்ஸ் நின்று எட்டு வருடம் கழித்து லேசாக ரத்தக் கசிவு வந்தது. ஐந்து மாதம் யாரிடமும் சொல்லவில்லை. இப்போது கருப்பையில் கேன்சர், கிரேடு 1 என்று பயாப்சியில் வந்திருக்கிறது. டாக்டர் "வெயிட்தான் காரணம்" என்கிறார். உடம்பில் இருக்கிற கொழுப்பு எப்படிக் கேன்சரை உண்டாக்கும்? எனக்கு 31 வயது, 158 செ.மீ., 74 கிலோ, நாள் முழுக்க உட்கார்ந்த வேலை. பீரியட்ஸ் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறது. எனக்கும் வருமா?

நான் நோய்க்குறியியல் மருத்துவர். அறுவை அரங்கிலிருந்து ஃபார்மலின் டப்பாவில் வரும் திசுவை வெட்டி, மெழுகில் பதித்து, மெல்லிய சீவலாக்கி, மைக்ராஸ்கோப்பில் பார்த்து ரிப்போர்ட் எழுதுவது என் வேலை. இருபத்திரண்டு வருடமாக இதைத்தான் செய்கிறேன். அம்மாவுக்கு என்ன சிகிச்சை என்பதை அவரை நேரில் பார்க்கும் டாக்டர்தான் சொல்ல வேண்டும். நோய் எப்படி உண்டாகிறது என்று கேட்டிருக்கிறீர்கள், அதற்கு என்னால் பதில் சொல்ல முடியும்.

கொழுப்பைப் பற்றி நம் மனதில் இருக்கும் படம், மிஞ்சிய சாப்பாட்டைச் சேர்த்து வைக்கும் மூட்டை என்பது. அது பாதிதான் சரி. கொழுப்புத் திசு ஒரு சுரப்பியைப் போலவும் வேலை செய்கிறது. ஹார்மோன்களைத் தயாரித்து, பகலும் இரவும் ரத்தத்தில் விடுகிறது. புற்றுநோய்க்கும் எடைக்கும் உள்ள தொடர்பைப் புரிந்துகொள்ள கருப்பையை விட நல்ல உதாரணம் கிடையாது, ஏனென்றால் அங்கே அந்தத் தொடர்பு மிக வலுவானது, காரணமும் ஓரளவு முழுசாகத் தெரியும்.

மாதவிடாய் வருகிற வயதில் கருப்பையின் உள்படலத்தில் என்ன நடக்கிறது என்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன். மாதத்தின் முதல் பாதியில் சினைப்பை ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கும். அந்த ஹார்மோன் உள்படலத்தின் செல்களைப் பெருகச் செய்யும். நடுவில் முட்டை வெளியானதும், அது இருந்த இடத்திலிருந்து புரொஜெஸ்டிரோன் சுரக்கும். இது பெருக்கத்தை நிறுத்தி, செல்களை முதிரச் செய்யும். கரு தங்கவில்லை என்றால் இரண்டு ஹார்மோனும் இறங்கும், படலம் உதிர்ந்து தீட்டாக வெளியேறும். வயலுக்கு ஒருவர் தண்ணீர் பாய்ச்சுகிறார், இன்னொருவர் நேரம் பார்த்து மடையை அடைக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவரும் இருக்கும்வரை வயலுக்கு ஒன்றும் ஆகாது.

மாதவிடாய் நின்ற பிறகு சினைப்பை இந்த இரண்டையும் ஏறத்தாழ நிறுத்திவிடும். ஒல்லியான பெண்ணிடம் அதற்கப்புறம் உள்படலம் சுருங்கிப்போய்விடும். அப்படிப்பட்ட கருப்பையிலிருந்து எடுத்த பயாப்சி எனக்கு வரும்போது டப்பாவில் சளி போன்ற ஏதோ மிதக்கும், மைக்ராஸ்கோப்பில் நூல் நூலாகச் சில செல்கள் தெரியும், அவ்வளவுதான். உங்கள் அம்மாவைப் போன்றவர்களிடமிருந்து வரும் டப்பாவில் கண்ணுக்கே தெரியும் அளவுக்கு வெளிர்நிறத் துண்டுகள் நிறைய இருக்கும். எட்டு வருடத்துக்கு முன் தண்ணீர் நின்றுபோன வயலில் இவ்வளவு விளைச்சல் எப்படி என்பதுதான் கேள்வி.

தண்ணீர் வேறு வழியில் வந்துகொண்டிருக்கிறது. சிறுநீரகத்தின் தலைமேல் தொப்பி மாதிரி இருக்கும் அட்ரீனல் சுரப்பி, மாதவிடாய் நின்ற பிறகும் ஆண்ட்ரோஸ்டீன்டையோன் என்ற ஹார்மோனைச் சுரந்துகொண்டே இருக்கும். அது ஆண் ஹார்மோன் வகை. கொழுப்புத் திசுவில் அரோமட்டேஸ் என்ற நொதி உண்டு. அது இந்த ஆண் ஹார்மோனை ஈஸ்ட்ரோன் என்ற ஈஸ்ட்ரோஜனாக மாற்றும். சைட்டேரி, மெக்டொனால்ட் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்களும் அவர்களோடு வேலை செய்தவர்களும் 1960களிலும் 70களிலும் இதை விளக்கமாகக் காட்டினார்கள். எடை கூடக் கூட இந்த மாற்றமும் கூடுகிறது என்பதையும் கண்டார்கள். மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு ஈஸ்ட்ரோஜன் பெரும்பாலும் கொழுப்பிலிருந்துதான் வருகிறது. ஆனால் கொழுப்பு புரொஜெஸ்டிரோனைத் தராது. பாய்ச்சுகிறவர் இருக்கிறார், மடையை அடைக்க ஆள் இல்லை. வருடக்கணக்கில் இப்படியே ஓடினால் உள்படலம் தடித்து, அதன் சுரப்பிகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு வளரும். இதை ஹைப்பர்பிளேசியா என்று எழுதுவோம். செல்கள் ஓயாமல் பிரிந்துகொண்டிருக்கும்போது மரபணுவில் எழுத்துப் பிழைகள் சேரும். பிடென் என்ற காவல் மரபணு பழுதாவது இந்த வகைப் புற்றுநோயில் அடிக்கடி நாங்கள் பார்ப்பது. பிழைகள் போதுமான அளவு சேர்ந்தால் அது புற்றுநோயாகிறது.

இது வெறும் கோட்பாடு இல்லை. மனிதர்களிடமே இதற்குச் சோதனை நடந்திருக்கிறது, யாரும் திட்டமிடாமல். அமெரிக்காவில் 1960களிலும் 70களின் முதல் பாதியிலும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மாத்திரையைத் தனியாக, புரொஜெஸ்டிரோன் சேர்க்காமல், ஏராளமாகக் கொடுத்தார்கள். 1975இல் ஒரே மருத்துவ இதழில் வெளியான இரண்டு ஆய்வுகள், அந்த மாத்திரையை எடுத்தவர்களுக்குக் கருப்பை உள்படலப் புற்றுநோய் பல மடங்கு அதிகம் என்று காட்டின. டாக்டர்கள் அந்த மாத்திரை எழுதுவதைக் குறைத்தார்கள். அடுத்த சில வருடங்களிலேயே இந்தப் புற்றுநோயும் குறைந்தது. பிறகு புரொஜெஸ்டிரோனைச் சேர்த்துக் கொடுத்தபோது அந்தக் கூடுதல் ஆபத்து இல்லாமல்போனது. அதிக எடையுள்ள பெண்ணின் உடம்பில் நடப்பதும் கிட்டத்தட்ட இதுதான். மாத்திரை வெளியிலிருந்து வரவில்லை, உடம்பே தயாரிக்கிறது. எடைக்கும் இந்தப் புற்றுநோய்க்கும் உள்ள உறவைப் பற்றி நான் தயக்கமில்லாமல் பேசுவதற்கு முக்கியக் காரணம் இந்த வரலாறுதான்.

இரண்டாவது வழி இன்சுலின். அம்மாவுக்கு 12 வருடமாகச் சுகர் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் இதையும் சொல்ல வேண்டும். வயிற்றுக்குள் கொழுப்பு சேரச் சேர, தசையும் கல்லீரலும் இன்சுலினுக்குச் சரியாகக் கட்டுப்படாது. அதை ஈடுகட்ட கணையம் இன்னும் அதிகமாக இன்சுலினைச் சுரக்கும். சுகர் ரிப்போர்ட்டில் எண் ஏறுவதற்குப் பல வருடம் முன்பே ரத்தத்தில் இன்சுலின் ஏறியிருக்கும். இன்சுலின் சர்க்கரையை மட்டும் கவனிக்கும் ஹார்மோன் இல்லை, செல்களை வளரச் சொல்லும் ஹார்மோனும்கூட. கருப்பையின் உள்படலச் செல்களில் அதற்கு ஏற்பிகள் உண்டு. அப்புறம் இன்னொரு வேலையும் செய்கிறது. கல்லீரல் தயாரிக்கும் ஒரு புரதம், ரத்தத்தில் ஓடும் ஈஸ்ட்ரோஜனைப் பிடித்துக் கட்டி வைத்திருக்கும். கட்டுண்ட ஹார்மோன் செல்லுக்குள் போய் வேலை செய்ய முடியாது. இன்சுலின் அதிகமானால் கல்லீரல் இந்தப் புரதத்தைக் குறைத்துவிடும். ஆக, கொழுப்பு ஈஸ்ட்ரோஜனைக் கூட்டுகிறது, இன்சுலின் அதன் கட்டை அவிழ்த்துவிடுகிறது. இன்சுலின் அளவைப் பிறவியிலேயே கூட்டும் மரபணு அமைப்பு உள்ள பெண்களை ஒப்பிட்ட ஆய்வுகளிலும் இந்தப் புற்றுநோயின் ஆபத்து கூடுதலாகவே தெரிந்தது. பிறவி மரபணுவைச் சாப்பாடோ பழக்கமோ மாற்றாது என்பதால் அந்த வகை ஆதாரத்தை நான் மதிக்கிறேன்.

மூன்றாவது வழி நாள்பட்ட அழற்சி. இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். திசுவைப் பதப்படுத்தும்போது ஆல்கஹாலும் சைலீனும் கொழுப்பைக் கரைத்துவிடும், அதனால் மைக்ராஸ்கோப்பில் கொழுப்புச் செல்கள் வெற்று அறைகளாக, தேன்கூடு மாதிரித் தெரியும். உட்கரு ஒரு ஓரத்தில் நசுங்கி ஒட்டிக்கொண்டிருக்கும். மார்பகப் புற்றுநோய்க்காக எடுத்த மார்பகங்களை வெட்டும்போது சுற்றியுள்ள கொழுப்பையும் பார்ப்பேன். எடை அதிகமான பெண்களின் கொழுப்பில் அந்த அறைகள் பெரிதாக இருக்கும். இடையிடையே ஒரு அறையைச் சுற்றி நீலக் கருக்களோடு சின்னச் செல்கள் வளையமாக நிற்கும். அவை மாக்ரோஃபேஜ்கள், செத்ததையும் அழுகியதையும் விழுங்கும் வெள்ளணுக்கள். நடுவில் இருப்பது செத்த கொழுப்புச் செல். சுற்றி நிற்கும் அந்த வளையத்தைக் கிரீட அமைப்பு என்கிறோம்.

கொழுப்புச் செல் அளவுக்கு மீறி வீங்கும்போது அதற்கு ஆக்சிஜன் எட்டாமல் போவது உண்டு. சில செல்கள் செத்துப்போகும். மாக்ரோஃபேஜ்கள் வந்து சுத்தம் செய்யத் தொடங்கும். புண் ஆறினால் வேலை முடிந்து போய்விட வேண்டியவை, இங்கே போவதில்லை, ஏனென்றால் செல்கள் செத்துக்கொண்டே இருக்கின்றன. அவை டிஎன்எஃப், இன்டர்லூக்கின்-6 போன்ற சமிக்ஞைப் பொருள்களை விட்டுக்கொண்டே இருக்கும். காய்ச்சல் இருக்காது, வலி இருக்காது, வெளியே எதுவும் தெரியாது. சில பேருக்கு ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி என்ற புரதம் லேசாக உயர்ந்திருக்கும். டிஎன்எஃப் இன்சுலின் வேலையைத் தடுக்கிறது என்பது 1993இலேயே எலிகளில் காட்டப்பட்டது. அழற்சி உள்ள கொழுப்பில் புராஸ்டாகிளாண்டின் ஈ2 என்ற பொருள் கூடுகிறது, அது அரோமட்டேஸ் நொதியைத் தூண்டுகிறது என்பதையும் மார்பகக் கொழுப்பில் கண்டிருக்கிறார்கள். நான் சொன்ன முதல் இரண்டு வழிகளுக்குமே எரிபொருள் போடுவது அழற்சி என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

எது உறுதி, எது அவ்வளவு உறுதியில்லை என்று இந்த இடத்தில் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். ஈஸ்ட்ரோஜன் வழி உறுதியானது. இன்சுலின் வழிக்கு ஆதாரம் வலுவானது. அழற்சி இருக்கிறது என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் கருப்பையின் செல்லில் அழற்சி நேரடியாகப் போய் எவ்வளவு கெடுதல் செய்கிறது, ஈஸ்ட்ரோஜனையும் இன்சுலினையும் கழித்துவிட்டுப் பார்த்தால் அதற்கென்று எவ்வளவு மிஞ்சும் என்பதை மனிதர்களிடம் சுத்தமாகப் பிரித்துக் காட்டியதாகச் சொல்ல மாட்டேன். கல்லீரலில் கதை வேறு. அங்கே கொழுப்பு படிந்து, அழற்சியாகி, தழும்பாகி, சிரோசிஸ் ஆகி, புற்றுநோய் வரை போகும் படிகள் கண்ணுக்கு முன்னால் தெரியும். லெப்டின் என்ற ஹார்மோனைப் பற்றியும் இணையத்தில் படித்திருப்பீர்கள். 1994இல் கண்டுபிடிக்கப்பட்டது, கொழுப்புச் செல்தான் அதைச் சுரக்கிறது, எடை கூடினால் அதுவும் கூடும். அடிப்போனெக்டின் என்ற இன்னொன்று எடை கூடினால் குறையும், அது இன்சுலினை நன்றாக வேலை செய்ய வைப்பது. ஆய்வகத் தட்டில் வளர்க்கும் புற்றுநோய்ச் செல்லுக்கு லெப்டினை ஊற்றினால் அது வேகமாகப் பெருகுகிறது. அதை வைத்து மனிதர்களிடமும் அப்படியே என்று சொல்வது அவசரம் என்பது என் கருத்து. லெப்டின் அதிகமாக இருப்பவருக்கு இன்சுலினும் ஈஸ்ட்ரோஜனும் அதிகமாகவே இருக்கும், குற்றவாளி யார் என்று பிரிப்பது கடினம்.

இனி உங்கள் டாக்டர் சொன்ன "வெயிட்தான் காரணம்" என்ற வாக்கியத்துக்கு வருகிறேன். அம்மாவின் எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் பி.எம்.ஐ. 37 வருகிறது. பெரிய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, பி.எம்.ஐ. ஒவ்வொரு 5 புள்ளி ஏறும்போதும் இந்தப் புற்றுநோயின் ஆபத்து ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிறது. 22 உள்ள ஒருவரோடு ஒப்பிட்டால் அம்மாவுக்கு மூன்று படி, அதாவது மூன்று மடங்குக்கும் மேல். 40ஐத் தாண்டியவர்களுக்கு ஏழு மடங்கு என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016இல் கணக்கிட்டது. அதே முகமை எடையோடு தொடர்புள்ளதாக 13 புற்றுநோய்களை ஏற்றுக்கொண்டது. பெருங்குடல், கல்லீரல், பித்தப்பை, கணையம், சிறுநீரகம், மாதவிடாய் நின்ற பிறகு வரும் மார்பகப் புற்றுநோய் எல்லாம் அதில் உண்டு. ஆனால் எதிலும் கருப்பை அளவுக்கு ஏற்றம் இல்லை. மார்பகத்தில் அதே 5 புள்ளிக்கு ஏறுவது நூற்றுக்குப் பத்து சொச்சம்தான்.

மடங்குக் கணக்கைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள், அடிப்படை எண்ணையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்தப் புற்றுநோய் மிகச் சாதாரணமாக வரும் அமெரிக்காவிலேயே வாழ்நாளில் 100 பெண்களில் 3 பேருக்குத்தான் வருகிறது. நம் நாட்டில் அதைவிட நன்றாகவே குறைவு. மார்பகமும் கருப்பை வாயும்தான் இங்கே மிக முன்னால் நிற்கின்றன. அதிக எடையுள்ள பெண்களில் பெரும்பாலானவர்களுக்கு இது வரவே வராது. ஒரு கூட்டத்தில் எடை ஆபத்தைக் கூட்டுகிறது என்பது உறுதி. உங்கள் அம்மா என்ற ஒருவருக்கு எடையால்தான் வந்தது என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. மிக முக்கியமான காரணமாக இருந்திருக்கும் வாய்ப்பு அதிகம், அவ்வளவு சொல்லலாம். அம்மாவிடம் இதை எப்படிச் சொல்கிறீர்கள் என்பதும் முக்கியம். ஐந்து மாதம் அவர் வாய் திறக்காததற்கு வெட்கம் ஒரு காரணமாக இருந்திருக்கும். "நீயே வரவழைத்துக்கொண்டாய்" என்ற தொனி இனி எங்கிருந்தும் அவர் காதில் விழக் கூடாது. அது உண்மையும் இல்லை.

அந்த ஐந்து மாதம் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். எங்களுக்கு வரும் கோரிக்கைச் சீட்டில் "பி.எம்.பி." என்று மூன்று எழுத்து இருக்கும், மாதவிடாய் நின்ற பிறகு ரத்தப்போக்கு என்பதன் சுருக்கம். பக்கத்தில் எத்தனை நாளாக என்று எழுதியிருப்பார்கள். ஆறு மாதம், எட்டு மாதம் என்பது சாதாரணம். தீட்டு திரும்ப வந்துவிட்டது, உடம்பு சூடு, சுகர் மாத்திரையால் வந்தது என்று வீட்டில் ஒரு விளக்கம் கிடைத்துவிடும். ஆனால் இந்தப் புற்றுநோய் வந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு இந்த ரத்தம்தான் முதல் அறிகுறி. அதைத் திருப்பிப் படிக்கக் கூடாது. ரத்தம் வந்த பெண்கள் 100 பேரைச் சோதித்தால் ஏறத்தாழ 9 பேருக்குத்தான் புற்றுநோய் இருக்கும், மற்றவர்களுக்குப் படலம் வறண்டதோ பாலிப் என்ற சின்னச் சதை வளர்ச்சியோ காரணமாக இருக்கும். ஒரு சொட்டாக இருந்தாலும், இளஞ்சிவப்புக் கறையாக இருந்தாலும், ஒரே நாளில் நின்றுவிட்டாலும் பார்த்தாக வேண்டும். பிறப்புறுப்பு வழி ஸ்கேனில் உள்படலம் 4 மி.மீ. அல்லது அதற்குக் குறைவு என்றால் புற்றுநோய் இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. அதற்கு மேல் என்றால் மெல்லிய குழாயை விட்டுக் கொஞ்சம் திசு எடுத்து எங்களுக்கு அனுப்புவார்கள். அம்மாவுக்கு நடந்தது இதுதான். கிரேடு 1 என்றால் செல்கள் இன்னும் சுரப்பி வடிவத்தை நினைவில் வைத்திருக்கின்றன என்று பொருள். கருப்பைக்குள்ளேயே இருக்கும்போது எடுத்துவிட்டால் ஐந்து வருடம் கடந்து வாழ்பவர்கள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல்.

அம்மாவைப் பற்றி இரண்டு விஷயங்களை அவருடைய டாக்டரிடம் கேளுங்கள். ஒன்று, கருப்பையை எடுத்த பிறகு அந்தத் திசுவில் எம்.எம்.ஆர். புரதச் சோதனை செய்யச் சொல்லுங்கள். மரபணுவில் விழும் எழுத்துப் பிழைகளைத் திருத்தும் எம்எல்எச்1, எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6, பிஎம்எஸ்2 என்ற நான்கு புரதங்களை நாங்கள் சாயம் போட்டுப் பார்ப்போம். இந்தப் புற்றுநோய் வந்தவர்களில் நூற்றுக்கு 3 பேருக்கு அளவில் லிஞ்ச் சிண்ட்ரோம் என்ற பரம்பரைக் கோளாறு இருக்கிறது, எடையோடு அதற்குச் சம்பந்தமில்லை. குடும்பத்தில் யாருக்காவது பெருங்குடல் புற்றுநோய் சின்ன வயதில் வந்திருந்தால் கண்டிப்பாகச் சொல்லுங்கள். இந்தச் சோதனையின் முடிவு அம்மாவை விட உங்களுக்குத்தான் அதிகம் தேவைப்படும். இரண்டு, ஆபரேஷனுக்குப் பிறகு அவருடைய சுகர், பிரஷர், கொலஸ்ட்ரால் பார்ப்பது. ஆரம்ப நிலையில் கண்டுபிடித்த இந்தப் புற்றுநோயிலிருந்து மீண்ட பெண்கள் பிற்காலத்தில் இறப்பது பெரும்பாலும் இந்தப் புற்றுநோயால் இல்லை. இதய நோய் முன்னால் நிற்கிறது.

இப்போது உங்களைப் பற்றி. உங்கள் பி.எம்.ஐ. 29.6. உலகக் கணக்குப்படி உடல்பருமன் 30இல் தொடங்குகிறது, ஆனால் நம் ஊர் உடம்பில் அதே எடைக்கு வயிற்றுக் கொழுப்பு அதிகம் என்பதால் இந்திய மருத்துவர்கள் 25ஐயே எல்லையாக வைத்திருக்கிறோம். டேப்பை எடுத்து இடுப்பைச் சுற்றி அளந்து பாருங்கள், பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் உள்ளே கொழுப்பு சேர்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் உங்கள் கேள்வியில் என்னை நிறுத்தியது 74 கிலோ இல்லை. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் பீரியட்ஸ் என்ற கடைசி வரி.

முட்டை வெளியானால்தான் புரொஜெஸ்டிரோன் வரும் என்று மேலே சொன்னேன். பீரியட்ஸ் தள்ளித் தள்ளி வருகிறது என்றால் பல மாதம் முட்டை வெளியாகவில்லை என்று அர்த்தம். அந்த மாதங்களில் ஈஸ்ட்ரோஜன் இருக்கும், மடையை அடைக்கிறவர் இருக்க மாட்டார். அம்மாவுக்கு 50 வயதுக்கு மேல் நடந்தது உங்களுக்கு 31இலேயே சின்ன அளவில் நடந்துகொண்டிருக்கலாம். சினைப்பை நீர்க்கட்டி என்று பொதுவாகச் சொல்லும் பி.சி.ஓ.எஸ். உள்ள பெண்களிடம் இதைப் பார்க்கிறோம். இந்த வயதில் புற்றுநோய் வருவது மிக அரிது, அதனால் நாளைக்கே என்று ஓட வேண்டியதில்லை. ஆனால் ஒரு மகப்பேறு மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். தைராய்டு, புரொலாக்டின், சர்க்கரை பார்ப்பார், ஸ்கேன் எடுப்பார். மூன்று மாதத்துக்கு மேல் தீட்டு வரவில்லை என்றால் புரொஜெஸ்டிரோன் வகை மாத்திரையைச் சில நாள் கொடுத்துப் படலத்தை உதிரச் செய்வது வழக்கம். குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரையோ, புரொஜெஸ்டிரோன் கசியும் கருப்பை வளையமோ அதே காவலைச் செய்யும். "வந்தால் வரட்டும், வராவிட்டால் நிம்மதி" என்று விட்டுவிடுவதுதான் நான் ஏற்காத ஒன்று. தீட்டு தள்ளிப்போய் வந்து பத்துப் பதினைந்து நாள் நிற்காமல் போனாலும், நடு நடுவே கறை பட்டாலும் பயாப்சி தேவைப்படலாம். பயாப்சியில் சாதாரண ஹைப்பர்பிளேசியா என்று வந்தால் அது 20 வருடத்தில் புற்றுநோயாக மாறுவது நூற்றுக்கு 5க்கும் குறைவு, பெரும்பாலும் புரொஜெஸ்டிரோனிலேயே கரைந்துவிடும். செல்களே உருமாறிய ஹைப்பர்பிளேசியா வேறு விஷயம், அதைப் புற்றுநோய்க்கு முந்தின படி என்றே நடத்துவோம்.

உட்கார்ந்த வேலையைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். தசை சுருங்கி விரியும்போது இன்சுலின் உதவி இல்லாமலே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். அதனால் கணையத்துக்கு வேலை குறையும், இன்சுலின் இறங்கும். ஒரு கிலோகூடக் குறையாமலே இந்தப் பலன் கிடைக்கும், ஆனால் ஓரிரு நாளில் வடிந்துவிடும். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரேயடியாக நடப்பதை விட வாரத்தில் ஐந்து நாள் அரை மணி என்கிறோம். நடையின் வேகம் பேச முடியும், பாட முடியாது என்ற அளவில் இருக்கட்டும். புற்றுநோய் விஷயத்தில் இதன் பங்கு என்ன? 2016இல் 14 லட்சம் பேரின் விவரங்களைச் சேர்த்த ஒரு பெரிய ஆய்வில், உடலை அதிகம் அசைத்தவர்களுக்கு 13 வகைப் புற்றுநோய்கள் குறைவாக இருந்தன. கருப்பையும் அதில் ஒன்று. ஆனால் எடையையும் கணக்கில் எடுத்தபோது கருப்பைக்கான பலன் பெரும்பாலும் மறைந்தது. பெருங்குடலுக்கான பலன் மறையவில்லை. அதாவது கருப்பையைப் பொறுத்தவரை நடையின் நன்மை முக்கியமாக எடை வழியாக வருகிறது. இவை எல்லாம் கேட்டறிந்து எழுதிய விவரங்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். நன்றாக நடக்கிறவர் வேறு பலவற்றிலும் கவனமாக இருப்பவராக இருக்கலாம்.

எடை குறைந்தால் ஆபத்து திரும்பி இறங்குமா என்பது நீங்கள் கேட்காவிட்டாலும் அடுத்து வரும் கேள்வி. கருப்பையில் இறங்குகிறது என்பதற்கு நல்ல அறிகுறிகள் உண்டு. மாதவிடாய் நின்ற அமெரிக்கப் பெண்கள் 36,000க்கும் மேற்பட்டவர்களைப் பல வருடம் தொடர்ந்து பார்த்ததில், எடையில் நூற்றுக்கு 5 பங்கு அல்லது அதற்கு மேல் குறைத்தவர்களுக்கு இந்தப் புற்றுநோய் நூற்றுக்கு 29 பங்கு குறைவாக வந்தது. உங்களுக்கு 5 பங்கு என்றால் 3.7 கிலோ. 74 என்பது 70 ஆனால் போதும். பி.சி.ஓ.எஸ். உள்ள பெண்கள் பலருக்கு அந்த அளவு குறைந்ததுமே முட்டை வெளியாவது மீண்டும் சீராகிறது. சீராகிறதா என்று அறிய உங்களுக்கு எந்த லேபும் வேண்டாம். காலண்டரில் தீட்டு வந்த தேதியைக் குறித்து வையுங்கள். இடைவெளி 35 நாளுக்குள் வந்து, இரண்டு மூன்று சுற்று அப்படியே நின்றால் புரொஜெஸ்டிரோன் திரும்ப வேலைக்கு வந்துவிட்டது என்று பெரும்பாலும் நம்பலாம். மருத்துவரிடம் போகும்போது அந்தக் காலண்டரையும், அம்மாவின் பயாப்சி ரிப்போர்ட் நகலையும் எடுத்துக்கொண்டு போங்கள்.